ஆளி விதையும் வால்நட்டும் டி.எச்.ஏ. தருமா? டர்பன் சமையலறைகளிலிருந்து வந்த கேள்விகள்

டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம் வருகிறார்கள். புரட்டாசி நெருங்கும்போதும், வீட்டில் ஒரு பெண் உண்டாகியிருக்கும்போதும் ஒமேகா-3 பற்றிக் கேட்காதவர் இல்லை. அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மீனில் இருப்பதும் ஒமேகா-3, ஆளி விதையில் இருப்பதும் ஒமேகா-3. அப்புறம் என்ன வித்தியாசம்?

ஒமேகா-3 என்பது குடும்பப் பெயர். அதில் மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருப்பவர் ஏ.எல்.ஏ. மீனில் இருப்பவர்கள் இ.பி.ஏ., டி.எச்.ஏ. மூன்றுமே நீளமான கொழுப்புச் சங்கிலிகள். ஏ.எல்.ஏ.வில் 18 கார்பன் அணுக்கள், மூன்று இரட்டைப் பிணைப்புகள். இ.பி.ஏ.வில் 20 கார்பன், ஐந்து பிணைப்புகள். டி.எச்.ஏ.வில் 22 கார்பன், ஆறு பிணைப்புகள்.

மூளையும் கண்ணின் விழித்திரையும் கட்டுமானத்துக்குக் கேட்பது டி.எச்.ஏ.வை. ஏ.எல்.ஏ.வை அந்த இடத்தில் வைக்க முடியாது. அதற்காக ஏ.எல்.ஏ. வீண் என்று நினைக்க வேண்டாம். நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டில் வந்தே தீர வேண்டிய கொழுப்பு அது. அமெரிக்கக் கணக்குப்படி ஆண்களுக்கு நாளைக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம், கர்ப்பகாலத்தில் 1.4 கிராம் வேண்டும். பொடித்த ஆளி விதை ஒரு மேசைக்கரண்டியில், அதாவது ஏழு கிராமில், சுமார் 1.6 கிராம் ஏ.எல்.ஏ. இருக்கிறது. அந்தத் தேவை அதிலேயே தீர்ந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான்.

உடம்பே ஏ.எல்.ஏ.வை டி.எச்.ஏ.வாக மாற்றிக்கொள்ளும் என்று படித்தேன். பொய்யா?

உண்மைதான். ஆனால் மிகவும் கொஞ்சம்.

எங்கள் ஊர்க் கோயில்களில் காவடிக்குச் சமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு பெரிய அடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாயசம் அந்த அடுப்பில் முதலில் ஒருமுறை ஏற வேண்டும். பிறகு பக்கத்து மேடையில் சில வேலைகள். கடைசிக்குச் சற்று முன்னால் மறுபடி அதே அடுப்புக்கு வர வேண்டும். இதற்கிடையில் பத்துப் பானை சாம்பாரும் அதே அடுப்புக்கு வரிசையில் நிற்கிறது. பாயசம் எவ்வளவு தேறும்?

அந்த அடுப்புதான் கல்லீரலில் வேலை செய்யும் டெல்டா-6 டிசாச்சுரேஸ் என்ற நொதி. ஏ.எல்.ஏ.வின் முதல் மாற்றத்தை அது செய்கிறது. பிறகு சங்கிலி நீள்கிறது, இன்னொரு பிணைப்பு சேர்கிறது, இ.பி.ஏ. வந்துவிடுகிறது. அதன்பின் 22 கார்பனாகி, 24 கார்பனாகி, திரும்பவும் அதே நொதியிடம் வருகிறது. கடைசியில் செல்லுக்குள் இருக்கும் பெராக்சிசோம் என்ற சின்ன அறையில் இரண்டு கார்பனை வெட்டி எடுத்தால்தான் டி.எச்.ஏ. முன்னால் இழுத்து, மறுபடி பின்னால் வெட்டுகிற இந்தச் சுற்றுவழியைக் கண்டுபிடித்ததே 1990களில்தான்.

சாம்பார்ப் பானைகள் எவை? லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு. அதுவும் இதே நொதியைத்தான் கேட்கிறது. நம் வீடுகளில் அது எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சாப்பிட்ட ஏ.எல்.ஏ.வில் பெரும்பகுதி இந்த அடுப்புப் பக்கமே வருவதில்லை. உடம்பு அதை எரித்து சக்தியாக்கிவிடுகிறது, அல்லது கொழுப்பாகச் சேமித்துவிடுகிறது.

ஒருவர் ஒரு சதவீதம் மாறும் என்கிறார், இன்னொருவர் ஒன்பது என்கிறார். எதை நம்புவது?

இரண்டு எண்ணும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் அடையாளமிட்ட ஏ.எல்.ஏ.வைச் சிலருக்குச் சாப்பிடக் கொடுத்து, அது ரத்தத்தில் என்னவாக மாறி வருகிறது என்று மூன்று வாரம் பின்தொடர்ந்தார்கள். இளம் ஆண்களில் சுமார் எட்டு சதவீதம் இ.பி.ஏ.வாக மாறியது. டி.எச்.ஏ. ஏறக்குறைய பூஜ்யம். இளம் பெண்களில் 21 சதவீதம் இ.பி.ஏ., ஒன்பது சதவீதம் டி.எச்.ஏ. பெண்களுக்குக் கூடுதலாக இருப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் காரணம் என்று கருதுகிறார்கள். கரு சுமக்கப் போகும் உடம்பு அது, எனவே பொருத்தமாகவே இருக்கிறது.

அந்த ஒன்பதை எடுத்துக்கொண்டுதான் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஐந்து கிராம் ஏ.எல்.ஏ. சாப்பிட்டால் 450 மில்லிகிராம் டி.எச்.ஏ. கிடைத்துவிடும், மீனே தேவையில்லை என்று. அங்கேதான் தவறு. ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஒரு கைவிரல்களில் எண்ணி, அடுத்த கையில் ஒன்று சேர்த்தால் முடிந்துவிடும் அளவுதான். கொடுத்தது ஒரு கிராமுக்கும் குறைவான, ஒரே ஒரு வேளை அளவு. அளந்தது ரத்தத்துக்கு வந்து சேர்ந்த அடையாளத்தை மட்டும். ஒரு கோப்பை பாயசம் அடுப்பில் எவ்வளவு நேரத்தில் வெந்தது என்று பார்த்துவிட்டு, நூறு கோப்பையும் அதே நேரத்தில் வேகும் என்று சொல்ல முடியாது.

தினம் ஏ.எல்.ஏ. கொடுத்து, வாரக்கணக்கில் ரத்தத்தைப் பார்த்த மற்ற ஆய்வுகள் பல உண்டு. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இதுதான்: இ.பி.ஏ. கூடுகிறது, டி.எச்.ஏ. அசையவில்லை. நடைமுறைக்கு நான் வைத்துக்கொள்ளும் எண் ஒரு சதவீதம் அல்லது அதற்கும் கீழே. பெண்களுக்குக் கொஞ்சம் கூடலாம். ஆளுக்கு ஆள் மரபணு வித்தியாசமும் இருக்கிறது.

அப்படியானால் அளவைக் கூட்டினால் ஆயிற்று. ஆளி விதை எண்ணெயை இரண்டு மூன்று கரண்டி குடிக்கலாமே?

இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தாய்ப்பால் கொடுக்கும் ஏழு பெண்கள் நான்கு வாரம் தினமும் 20 கிராம் ஆளி விதை எண்ணெய் எடுத்துக்கொண்டார்கள். அதில் பத்து கிராமுக்கு மேல் ஏ.எல்.ஏ., ஒரு நாள் தேவையைப்போல ஏழெட்டு மடங்கு. பாலில் ஏ.எல்.ஏ. ஏறியது. இ.பி.ஏ.யும் ஏறியது. டி.எச்.ஏ. ஏறவே இல்லை.

தாய்ப்பால் சுரக்கும் உடம்பு டி.எச்.ஏ. தேவைப்படும் உடம்பு. மாற்றும் திறன் பெண்களுக்குத்தான் கூடுதல். அப்படியிருந்தும் அசையவில்லை. அடுப்பு ஒன்றே ஒன்று என்பதால், பாயசப் பானையைப் பெருக்கியதால் பயனில்லை. அதுவும் இரண்டாம் முறை அடுப்புக்கு வரும்போது, முதல்முறைக்கு நிற்கும் ஏ.எல்.ஏ.வே அதன் வழியை மறித்துக்கொள்கிறது.

எனவே ஒரு மேசைக்கரண்டி, மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் எடுப்பதில் டி.எச்.ஏ. விஷயத்தில் லாபம் இல்லை, வயிற்றுப்போக்குதான் வரும்.

வால்நட் மூளை மாதிரியே இருக்கிறது, மூளைக்கு நல்லது என்று அம்மா சொல்வார். சரியா?

உருவத்தை விட்டுவிடுவோம். வால்நட் நல்ல சாப்பாடு, நானும் சாப்பிடுகிறேன். ஒரு கை அளவு, 28 கிராமில், இரண்டரை கிராம் ஏ.எல்.ஏ. இருக்கிறது. ஆனால் அதே 28 கிராமில் பத்து கிராமுக்கு மேல் லினோலெயிக் அமிலமும் இருக்கிறது. ஒரு பாயசப் பானையோடு நான்கு சாம்பார்ப் பானையையும் கூடவே கூட்டிவருகிறது.

ஆளி விதை நேர்மாறு. அதில் ஏ.எல்.ஏ. நான்கு பங்கு, லினோலெயிக் ஒரு பங்கு. ஏ.எல்.ஏ.வுக்காகவே ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றால் ஆளி விதைதான். விலையிலும் அதுதான் இங்கே கைக்கு எட்டும்.

எங்கள் வீட்டில் எல்லாமே சூரியகாந்தி எண்ணெய்தான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம். தென்னாப்பிரிக்காவில் சமையல் எண்ணெய் என்றாலே சூரியகாந்திதான். இங்கேயே விளைகிறது, மலிவு, ஐந்து லிட்டர் கேனில் கிடைக்கிறது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் அறுபது சதவீதம் அளவுக்கு லினோலெயிக் அமிலம். ஏ.எல்.ஏ. கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கறிக்குத் தாளிப்பதும், சமோசாவும் பொரியலும், ரொட்டிக்குத் தடவுவதும் அதிலேயே என்றால், அடுப்புக்கு முன்னால் சாம்பார்ப் பானை வரிசை தெருமுனை வரை நிற்கிறது.

மேற்குக் கேப் பகுதியில் கனோலா விளைகிறது, எண்ணெயும் கடைகளில் கிடைக்கிறது. கனோலாவில் லினோலெயிக் சுமார் 20 சதவீதம், ஏ.எல்.ஏ. ஒன்பது சதவீதம் அளவில். தாளிப்புக்கும் குழம்புக்கும் தாராளமாகப் போதும், மணம் இல்லாததால் கறியின் ருசியும் மாறாது. ஆழப் பொரிப்பதற்கு, அதுவும் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கு, கனோலாவை நான் சொல்வதில்லை. ‘ஹை ஒலெயிக்’ என்று போட்டிருக்கும் சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் மிகக் குறைவு, அதைப் பொரிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெயை மாற்றினால் டி.எச்.ஏ. குதித்து ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். லினோலெயிக்கைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் இ.பி.ஏ. தெளிவாகக் கூடியிருக்கிறது. டி.எச்.ஏ. பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆனாலும் செலவில்லாமல் செய்யக்கூடிய முதல் மாற்றம் இது.

அக்கா, எனக்கு இப்போது ஏழாவது மாதம். பிறந்ததிலிருந்து சைவம். தினம் ஒரு கரண்டி ஆளி விதையும் ஐந்து வால்நட்டும் சாப்பிடுகிறேன். பிள்ளைக்கு இது போதுமா?

சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த இந்தப் பெண்ணிடம் வீட்டு எண்ணெய்க் கணக்கையும் கேட்டேன். நான்கு பேர், வாரத்துக்கு 750 மில்லி சூரியகாந்தி எண்ணெய். ஆளி விதையை எப்படிச் சாப்பிடுகிறாய் என்றேன். முழுதாகத் தயிரில் தூவி, என்றாள். நாங்கள் இருவரும் போட்ட கணக்கு இது.

750 மில்லி எண்ணெய் என்பது 690 கிராம். ஏழு நாள், நான்கு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நாளைக்கு 25 கிராம். அதில் லினோலெயிக் 15 கிராம். ஐந்து முழு வால்நட் என்றால் பருப்பு 20 கிராம். ஏ.எல்.ஏ. 1.8, லினோலெயிக் ஏழரை கிராம். முழு ஆளி விதை கரண்டிக்குப் பத்து கிராம், அதில் காகிதத்தில் 2.3 கிராம் ஏ.எல்.ஏ. ஆக, ஏ.எல்.ஏ. நான்கு கிராம், லினோலெயிக் 23 கிராம் அளவில். ஆனால் முழு விதை பெரும்பாலும் ஜீரணமாகாமல் அப்படியே வெளியேறிவிடும். அதைக் கழித்தால் ஏ.எல்.ஏ. இரண்டு கிராமுக்குக் கீழே போகிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஒமேகா-6.

விதையைப் பொடித்து, எண்ணெயைக் கனோலாவாக மாற்றினால்? எண்ணெயிலிருந்து லினோலெயிக் ஐந்து கிராமாக இறங்குகிறது, ஏ.எல்.ஏ. 2.2 கிராம் புதிதாகச் சேர்கிறது. மொத்தம் ஏ.எல்.ஏ. ஆறு கிராமுக்குச் சற்று மேலே, லினோலெயிக் 13 கிராம். ஒன்றுக்கு இரண்டு. பார்க்க அழகான மாற்றம்.

இப்போது டி.எச்.ஏ.வுக்கு வருவோம். ஆறு கிராமில் ஒரு சதவீதம் என்றால் 60 மில்லிகிராம். அதுவும் நல்ல நாளில். கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுப் பிள்ளையின் மூளையும் கண்ணும் மற்ற திசுக்களும் சேர்த்துக்கொள்ளும் டி.எச்.ஏ.யே நாளைக்கு ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும். அம்மாவின் சொந்தத் தேவை அதற்கு வெளியே. வருவது அப்படியே தொப்புள்கொடிக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. அதனால்தான் கர்ப்பிணிக்கு நாளைக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டி.எச்.ஏ. என்று பல நாட்டு உணவு வல்லுநர் குழுக்கள் சொல்கின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்னது, எல்லாருக்குமான 250 மில்லிகிராம் இ.பி.ஏ.-டி.எச்.ஏ.வுக்கு மேல் இன்னும் 100 முதல் 200 மில்லிகிராம் டி.எச்.ஏ.

அதை ஆளி விதையால் எட்ட முடியாது. வால்நட்டாலும் முடியாது. அதற்கு நேரடி வழி பாசி எண்ணெய். மீனே டி.எச்.ஏ.வைத் தானாகப் பெரிதாகச் செய்துகொள்வதில்லை, கடலில் மிதக்கும் நுண்பாசியிலிருந்து வரும் சங்கிலியில்தான் பெறுகிறது. அந்தப் பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்கிறார்கள். மீன் கலப்பு இல்லை, சைவம்தான். மாத்திரையின் மேலோட்டை மட்டும் பாருங்கள், சிலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

அவளிடம் சொன்னேன்: விதையைப் பொடித்துத் தொடர்ந்து சாப்பிடு, எண்ணெயை மாற்று, கிளினிக்கில் காட்டிவிட்டு 200 முதல் 250 மில்லிகிராம் டி.எச்.ஏ. உள்ள பாசி எண்ணெய் தொடங்கு, தாய்ப்பால் கொடுக்கும் வரை விடாதே. ஆளி விதையில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற லிக்னான் பொருள்கள் இருப்பதால் கர்ப்பத்தில் அளவு ஒரு கரண்டியைத் தாண்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அப்புறம் ஒன்று. அவளுடைய மாமியார் காட் மீன் ஈரல் எண்ணெய் வாங்கி வைத்திருந்தார், விரதம் இல்லாத நாளிலாவது மருந்தாகக் குடிக்கட்டும் என்று. கர்ப்பிணிக்கு அது வேண்டவே வேண்டாம். அதில் வைட்டமின் ஏ அதிகம், மிகுந்தால் கருவுக்கு ஆபத்து.

நாங்கள் மூன்று தலைமுறையாகச் சைவம். டி.எச்.ஏ. இவ்வளவு குறைவென்றால் எங்கள் மூளைக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பயத்தைக் கிளப்பி மருந்து விற்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

இங்கிலாந்தில் ஆண்களிடம் செய்து 2005-இல் வெளியிட்ட பெரிய ஒப்பீட்டில், புலால் சாப்பிடுபவர்களைவிட சைவர்களின் ரத்தத்தில் டி.எச்.ஏ. மூன்றில் ஒரு பங்கு குறைவு. பால், முட்டைகூடத் தொடாதவர்களுக்குப் பாதிக்கும் மேலே குறைவு. ஆனால் முக்கியமான செய்தி அதற்கடுத்தது. சைவமாகி ஒரு வருடம் ஆனவருக்கும் இருபது வருடம் ஆனவருக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. வருடத்துக்கு வருடம் வற்றிக்கொண்டே போகவில்லை, ஒரு மட்டத்தில் நிற்கிறது. அந்த மட்டத்தை நிறுத்தி வைப்பதே இந்தச் சின்ன மாற்றம்தான்.

வளர்ந்த மனிதனின் மூளை நாளைக்கு எவ்வளவு டி.எச்.ஏ.வை எடுத்துக்கொள்கிறது தெரியுமா? மூளைப் படம் எடுத்து அளந்த அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு சுமார் நான்கு மில்லிகிராம். அரைக்கால் சிட்டிகை உப்புக்கும் குறைவு. கட்டி முடித்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவு அது. ஒரு சதவீத மாற்றம் அதற்குப் போதும். வீடு கட்டும் காலத்தில், அதாவது கர்ப்பத்திலும் தாய்ப்பால் காலத்திலும் பிள்ளையின் முதல் இரண்டு வயதிலும், அந்த வரவு போதாது. உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் ஒரே பதிலை நான் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

புரட்டாசி மாதம் முழுக்க மீன் தொடமாட்டோம். அதற்குள் டி.எச்.ஏ. இறங்கிவிடுமா?

கவலையே வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதன் சுவரில் இருக்கும் டி.எச்.ஏ. மெதுவாகத்தான் குறையும். மூளையில் இருப்பது புதுப்பிக்கப்பட வருடக்கணக்கு ஆகும். ஒரு மாத விரதம் அதற்கு ஒன்றுமே இல்லை.

விரத மாதத்தில் எனக்கு வேறு கவலை உண்டு. மீனும் இறைச்சியும் இல்லை என்று வடை, சமோசா, பொரித்த உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டு மடங்காகிறது. அந்த மாதத்தில்தான் எண்ணெய்க் கேன் சீக்கிரம் காலியாகிறது.

ஆளி விதையைப் பொடிக்காமல் சாப்பிட்டால் என்ன? எப்படிப் பொடித்து, எப்படி வைப்பது?

விதையின் தோல் வழவழப்பானது, கெட்டியானது. பல்லுக்குத் தப்பிவிடும், குடலுக்கும் தப்பிவிடும். மறுநாள் அப்படியே கண்ணுக்குத் தெரியும்.

நான் செய்வது இப்படி. சட்னி ஜாரில் ஒரு கை விதையைப் போட்டு, விட்டுவிட்டுப் பத்து நொடி ஓட்டுவேன். நீளமாக ஓட்டினால் சூடாகி, பிசுபிசுவென்று ஜாரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். சரியாகப் பொடிந்தால் நயமான மணல் போலப் பழுப்பாக இருக்கும், இரண்டு விரலில் தேய்த்தால் லேசான எண்ணெய்ப் பளபளப்பு தெரியும். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் பொடித்து, சின்ன கண்ணாடிப் புட்டியில் ஃப்ரீசரில் வைப்பேன். கரண்டியால் எடுக்கும் அளவுக்குத் தளர்வாகத்தான் இருக்கும்.

டர்பன் ஜனவரி, பிப்ரவரியின் புழுக்கத்தில் பொடியை மேடையில் விட்டுவைத்தால் சிக்கு வாடை வந்து கெட்டுப்போகும். எப்படித் தெரியும்? முகர்ந்து பாருங்கள். நல்ல பொடி எள்ளுக்கும் பச்சைப் புல்லுக்கும் நடுவே மணக்கும். கெட்டது பெயின்ட் கடை வாசலில் நிற்பது போல இருக்கும். அது ஒப்புக்குச் சொன்னதில்லை. மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் இதே விதையிலிருந்து வருவதுதான், காற்றுப் பட்டால் இறுகும் குணம் அந்த மூன்று இரட்டைப் பிணைப்புகளால் வருவது. நாக்கில் கசந்தால் கொட்டிவிடுங்கள். வால்நட்டுக்கும் இதே சோதனை செல்லும். கசந்து தொண்டையில் பிடிக்கும் வால்நட் பழையது.

விதை நார்ச்சத்து நிறைந்தது, தண்ணீரை இழுத்து ஊதும். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காவிட்டால் வயிறு கட்டிக்கொள்ளும்.

ரொட்டி மாவில் சேர்த்துச் சுட்டால் சத்து போய்விடுமா?

போகாது. பொடித்த விதையாக மாவுக்குள் இருக்கும்போது ஏ.எல்.ஏ. ரொட்டிச் சூட்டையும் ஓவன் சூட்டையும் தாங்குகிறது. நான்கு கப் மாவுக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி, தண்ணீர் கொஞ்சம் கூடப் பிடிக்கும். ஆளி விதை எண்ணெய் வேறு விஷயம், அதை அடுப்பில் வைக்கவே கூடாது. பருப்பின் மேலோ சம்பலின் மேலோ கடைசியில் ஊற்றிக்கொள்ளலாம்.

மருந்துக்கடையில் ‘சைவ ஒமேகா-3, 1000 மி.கி.’ என்று ஒரு புட்டி வாங்கினேன். இதில் டி.எச்.ஏ. இருக்குமா?

புட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முன்பக்கத்து 1000 என்பது எண்ணெயின் எடை. ஆளி விதை எண்ணெய் என்று போட்டிருந்தால் அதில் பாதி ஏ.எல்.ஏ., டி.எச்.ஏ. பூஜ்யம். என்னிடம் வந்த ஒரு பெண் இப்படியொரு புட்டியைக் கர்ப்பம் முழுக்க நம்பிச் சாப்பிட்டிருந்தார். கடையில் கேட்டபோது ‘மீன் எண்ணெய் மாதிரியேதான்’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, காசு போனதற்காக இல்லை, அந்த எட்டு மாதத்துக்காக.

பாசி எண்ணெய் என்றால் பின்பக்கத்தில் டி.எச்.ஏ. என்று தனி வரியும் அதற்கெதிரே மில்லிகிராம் எண்ணும் இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் அது டி.எச்.ஏ.வுக்காக வாங்குவதற்கானதில்லை. அந்த எண் எத்தனை மாத்திரைக்கு என்பதையும் பாருங்கள், சிலவற்றில் இரண்டு மாத்திரைக்கு எழுதியிருப்பார்கள்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு டின் மீன் கறி போதுமா, சால்மன்தான் வாங்க வேண்டுமா?

டின் மீனே போதும். தக்காளிச் சாறில் வரும் பில்ச்சர்ட் இந்தக் கடலோரத்து மத்தி இனம்தான். ஜூன், ஜூலையில் குவாசுலு-நட்டால் கரையோரம் கூட்டம் கூட்டமாக வருகிறதே, அதே மீன். நூறு கிராமில் இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.வுமாகச் சேர்ந்து ஒரு கிராம் அளவில் இருக்கும். வாரத்துக்கு இரண்டு வேளை கறி வைத்தால் நாளைக்கு 250 மில்லிகிராம் கணக்கு நேராகிவிடும். முள்ளையும் சேர்த்தே மசித்துவிடுங்கள், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். தாளிக்க இரண்டு கரண்டி எண்ணெய்க்குமேல் தேவைப்படாது, மீனிலேயே எண்ணெய் இருக்கிறது.

அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். ஆளி விதை கொடுக்கலாமா?

முதலில் அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சரி என்றால் தினமும் ஒரே அளவு கொடுங்கள், ஒருநாள் மூன்று கரண்டி, மறுநாள் ஒன்றுமில்லை என்று மாற்ற வேண்டாம். விதையின் வழவழப்பான நார் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் எந்த மாத்திரைக்கும் விதைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலை மாத்திரை என்றால் விதையை மதியத் தயிரில் போட்டுக் கொடுத்தால் சரியாக இருக்கும்.